64 நோடு கொடுத்தும் நேரம் குறையவில்லை: அறிகுறியை வைத்துக் காரணம் கண்டுபிடிப்பது

கிளஸ்டரில் ஓடும் எம்பிஐ புரோகிராம் எதிர்பார்த்த அளவுக்கு வேகமெடுக்கவில்லை என்றதும், "ஆம்டால் விதி இருக்கிறதே, அவ்வளவுதான் வரும்" என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அதே புரோகிராமுக்குக் குஸ்டாஃப்ஸன் சூத்திரத்தைப் போட்டு, 64 நோடில் கிட்டத்தட்ட 63 மடங்கு வேகம் என்று அறிக்கை எழுதுகிறவர்களும் உண்டு. இரண்டு விதியும் சரிதான். ஆனால் எதை மாற்றாமல் வைத்து அளந்தோம், தொடர் பகுதி எத்தனை சதவீதம் என்பதை எந்த ஓட்டத்தில் பார்த்தோம் என்று கேட்காமல் சூத்திரத்தில் எண்ணைப் போட்டால் விடை தப்பாகத்தான் வரும். நான் இந்த வேலையில் பார்த்த குழப்பங்களில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்கின.

ஜீன் ஆம்டால் 1967இல் சொன்னது இது: கணக்கின் அளவு மாறாது, பிராசசர்களை மட்டும் கூட்டுகிறோம். ஒரே பிராசசரில் ஓடும்போது மொத்த நேரத்தில் `s` பங்கு பிரிக்க முடியாத தொடர் வேலை என்றால், எத்தனை பிராசசர் போட்டாலும் வேகம் `1/s` மடங்கைத் தாண்டாது. இப்படி அளப்பதுதான் ஸ்ட்ராங் ஸ்கேலிங்.

ஜான் குஸ்டாஃப்ஸன் 1988இல் வேறு கேள்வி கேட்டார். அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் 1024 பிராசசர் கொண்ட என்கியூப் ஹைப்பர்கியூப் இயந்திரத்தில் மூன்று புரோகிராம்களுக்கு 1016 முதல் 1021 மடங்கு வரை வேகம் கிடைத்திருந்தது. பெரிய இயந்திரம் கைக்கு வந்தால் யாரும் பழைய சின்னக் கணக்கையே ஓட்டுவதில்லை. அதே நேரத்தில் முடியக்கூடிய பெரிய கணக்கைத்தான் ஓட்டுகிறார்கள் என்பது அவர் வாதம். ஒரு பிராசசருக்கு இவ்வளவு வேலை என்று வைத்துக்கொண்டு கணக்கையும் சேர்த்து வளர்த்து அளப்பது வீக் ஸ்கேலிங்.

```
Amdahl:     S = 1 / (s + (1 - s)/p)
Gustafson:  S = p - (p - 1) * s'
```

`S` என்பது எத்தனை மடங்கு வேகம், `p` என்பது பிராசசர் எண்ணிக்கை. தொடர் பங்குக்கு `s`, `s'` என்று வேண்டுமென்றேதான் இரண்டு பெயர் வைத்திருக்கிறேன். ஏன் என்று பிறகு வருகிறது.

கையில் ஒரு எடுத்துக்காட்டு இருந்தால் பேச எளிது. ஒரு எரிதல் கணக்கை எடுத்துக்கொள்வோம்: 4096×4096 புள்ளிகள் கொண்ட இருபரிமாணக் கட்டம், ஒவ்வொரு புள்ளியிலும் வெப்பம் பரவுவதும் வேதிவினையும். நேரத்தைச் சின்னச் சின்னப் படிகளாக முன்னே நகர்த்தும் எளிய முறை. சுமார் 80,000 படிகளில் நிலைத்த நிலைக்கு வருகிறது. நோடு ஒன்றுக்கு 32 கோர், கோர் ஒன்றுக்கு ஒரு ரேங்க், அதாவது ஒரு எம்பிஐ பிராசஸ். ஒவ்வொரு படியிலும் பக்கத்துக் கோர்களோடு ஓரப் புள்ளிகளைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். கட்டம் முழுவதிலும் அதிகபட்ச மாற்றம் எவ்வளவு என்று `MPI_Allreduce` போட்டுப் பார்க்க வேண்டும். 2000 படிக்கு ஒருமுறை ரேங்க் 0 எல்லாவற்றையும் தன்னிடம் திரட்டி ஒரு கோப்பாக எழுதுகிறது. ஒரு கோப்பு 128 எம்பி, மொத்தம் 40 கோப்புகள். ஒரு நோடில் இது 1000 வினாடி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

அறிகுறி 1: நேரம் குறைந்துகொண்டே வந்து, ஓரிடத்தில் தட்டையாகிவிடுகிறது

கணக்கு அதே 4096×4096. நோடு எண்ணிக்கையான `p`ஐ மட்டும் கூட்டினால், ஓடும் வினாடி `T(p)` இப்படி வருகிறது:

```
p     T(p)    S      e
1     1000    1.0    -
4     266     3.8    0.021
16    82      12.2   0.021
64    36      27.8   0.021
```

வேக வரைபடத்தை மட்டும் பார்த்து காரணம் சொல்ல முடியாது. தொடர் வேலையால் வளைந்த கோடும், தகவல் பரிமாற்றத்தால் வளைந்த கோடும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். அவற்றைப் பிரித்துக் காட்டுவது அட்டவணையின் கடைசி நெடுவரிசையில் உள்ள `e`. இது கார்ப், ஃபிளாட் இருவரும் 1990இல் கொடுத்த அளவை. அளந்த வேகத்திலிருந்து பின்னோக்கிப் போய், இந்த வேகம் வர வேண்டுமென்றால் தொடர் பங்கு எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்று அது கேட்கிறது.

```python
def karp_flatt(t1, tp, p):
    s = t1 / tp
    return (1/s - 1/p) / (1 - 1/p)
```

`p` கூடக்கூட `e` அசையாமல் நின்றால், அது உண்மையான தொடர் வேலை. ஆம்டால் சொன்ன நிலைமை அச்சு அசலாக இதுதான். `e` ஏறிக்கொண்டே போனால் குற்றவாளி வேறு. அதை அடுத்த அறிகுறியில் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: `p` இரண்டு, மூன்று என்று சின்னதாக இருக்கும்போது நேர அளவில் ஒரு சதவீதம் பிசகினாலும் `e` நிறைய ஆடும். முதல் வரியை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

இங்கே `e` 0.021இலேயே நிற்கிறது. அதாவது 1000 வினாடியில் 20, 21 வினாடி எந்த நோடும் பங்கு போட்டுக்கொள்ளாத வேலை. எங்கே இருக்கிறது என்று தேட, சந்தேகமான ஒவ்வொரு பகுதியையும் சுற்றி நேரம் அளந்து, `p` = 1இலும் `p` = 64இலும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

```c
double t0 = MPI_Wtime();
write_snapshot(grid, step);
t_io += MPI_Wtime() - t0;
```

நோடு 64 மடங்கானபோதும் நேரம் மாறாத பகுதி எதுவோ, அதுதான் நீங்கள் தேடுவது. நம் எடுத்துக்காட்டில் கோப்பு எழுதுவது இரண்டு ஓட்டத்திலும் 15 வினாடி. தொடக்கத்தில் அமைப்புகளைப் படிப்பது 5 வினாடி. ரேங்க் 0 எழுதி முடிக்கும்வரை மற்ற 2047 ரேங்க்குகளும் கைகட்டி நிற்கின்றன.

மருந்து, எழுதுவதை எல்லா ரேங்க்குக்கும் பிரித்துக் கொடுப்பது: `MPI_File_write_all`. ஆனால் லஸ்டர் கோப்பு அமைப்பில் எழுதுகிறவர்கள் `lfs getstripe` போட்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள். கோப்பு ஒரே ஒரு சேமிப்பு இலக்கில் விழுமாறு இருந்தால், எல்லா ரேங்க்கும் சேர்ந்து எழுதினாலும் கடைசியில் அதே ஒற்றை வாசலில்தான் வரிசையில் நிற்கும். கோடிங்கைத் திருத்திவிட்டேன், நேரம் மட்டும் அப்படியே இருக்கிறது என்று குழம்புகிற இடம் இது. வெளியீடு விழும் கோப்புறைக்கு முன்கூட்டியே `lfs setstripe -c 16` போன்று கொடுத்துவிட்டால் சரி.

அறிகுறி 2: நோடு கூட்டினால் நேரமும் கூடுகிறது

எழுதுவதைத் திருத்தியாயிற்று, தொடர் வேலையில் 5 வினாடிதான் மிச்சம். ஆம்டால் கணக்குப்படி இப்போது 190 மடங்குக்கு மேல்கூட எட்டலாம். அளந்தால் வருவது வேறு:

```
p     T(p)    S      e
1     985     1.0    -
4     251     3.9    0.006
16    67      14.7   0.006
64    21      46.9   0.006
256   29      34.0   0.026
```

ஆம்டால் சூத்திரத்தில் நேரம் தட்டையாகலாமே தவிர, ஒருபோதும் மேலே ஏறாது. ஏறினால், அந்தச் சூத்திரத்தில் இல்லாத ஏதோ ஒன்று `p`யோடு சேர்ந்து வளர்கிறது என்று பொருள். `e` ஏறுவதும் அதையே சொல்கிறது.

ஒரு ரேங்க்கின் கையில் என்ன இருக்கிறது என்று பக்கத்தில் போய்ப் பார்ப்போம். ஒரு நோடில் ஓடியபோது ஒவ்வொரு ரேங்க்குக்கும் 1024×512 புள்ளிகள். சுற்றுவட்ட ஓரத்தில் 3072. தன் வேலையில் 0.6 சதவீதம் அளவைத்தான் பக்கத்து ரேங்க்குக்கு அனுப்புகிறது. 256 நோடில் ரேங்க்குகள் 8192. ஒன்றுக்கு வெறும் 64×32 புள்ளிகள். ஓரம் 192. வேலையில் 9 சதவீதத்துக்கு மேல் இப்போது ஓரம். பரப்பு குறையும் வேகத்துக்கு ஓரம் குறையாது. ஸ்ட்ராங் ஸ்கேலிங்கில் யாரும் தப்ப முடியாத இடம் இது.

ஆனாலும் இங்கே பெரிய குற்றவாளி ஓரம் இல்லை. 256 நோடில் 29 வினாடியில் தொடர் வேலைக்கு 5, கணக்குக்குச் சுமார் 4 போக 20 வினாடி மிச்சம். 80,000 படிக்குப் பிரித்தால் ஒரு படிக்கு 0.25 மில்லி வினாடி. கணக்கு வேலை படிக்கு 0.05 மில்லி வினாடியில் முடிந்துவிடுகிறது. மிச்ச நேரத்தில் பெரும்பகுதி `MPI_Allreduce`இல் போகிறது. 8192 பேரும் ஒரு எண்ணுக்காக ஒவ்வொரு படியிலும் ஒன்றுகூட வேண்டியிருக்கிறது. ஆட்கள் கூடக்கூட அந்தச் சந்திப்பு நீள்கிறது.

அளவுக் கருவி "`MPI_Allreduce`இல் 70 சதவீதம்" என்று காட்டினால் உடனே நெட்வொர்க்கைத் திட்ட வேண்டாம். யாராவது ஒரு ரேங்க் தாமதமாக வந்தாலும், மற்றவர்கள் காத்திருக்கும் நேரம் இதே பெயரில்தான் பதிவாகும். எரிதல் கணக்கில் இது சாதாரணம்: தீயின் முகப்பு இருக்கும் ரேங்க்குக்கு வேதிவினை வேலை அதிகம். பிரித்துப் பார்க்க, அளவெடுக்கும் ஓட்டத்தில் மட்டும் அதற்கு முன்னால் ஒரு தடுப்பு வையுங்கள்.

```c
double t0 = MPI_Wtime();
MPI_Barrier(comm);
double t1 = MPI_Wtime();
MPI_Allreduce(&d, &dmax, 1, MPI_DOUBLE, MPI_MAX, comm);
t_wait += t1 - t0;
t_red  += MPI_Wtime() - t1;
```

`t_wait` ரேங்க்குக்கு ரேங்க் பெரிதும் மாறினால், வேலைப் பங்கீடு சரியில்லை. கட்டத்தை வேறு மாதிரி பிரிக்க வேண்டும். எல்லாரிடமும் `t_wait` சின்னதாக இருந்து `t_red` பெரிதாக இருந்தால்தான் ஒன்றுகூடும் செலவு. நம் கணக்கில் இரண்டாவதே. நிலைத்துவிட்டதா என்ற சோதனையை ஒவ்வொரு படியிலும் செய்யத் தேவையே இல்லை; 50 படிக்கு ஒருமுறை போதும். அதனால் அதிகபட்சம் 49 படி வீணாக ஓடும், 80,000இல் அது கணக்கிலேயே வராது. 256 நோடில் நேரம் 13 வினாடி அளவுக்கு வந்துவிடும். அளந்து முடித்ததும் தடுப்பை எடுத்துவிட மறக்காதீர்கள்.

அறிகுறி 3: அளவெடுக்கும் முன்பே, ஒரே நோடுக்குள் நேரம் ஏறுகிறது

வீக் ஸ்கேலிங்கை ஒரு கோரிலிருந்து தொடங்கி அளப்பவர்களுக்கு இது வரும். ஒரு கோரில் 10 வினாடி, 32 கோரில், 32 மடங்கு பெரிய கணக்குக்கு, 25 வினாடி. பரிமாற்றமே இல்லாத புரோகிராமில்கூட இப்படி ஆகும். காரணம் பெரும்பாலும் மெமரி: 32 கோரும் ஒரே மெமரி வழியைப் பகிர்ந்துகொள்கின்றன, ஒற்றைக் கோர் ஓடும்போது வழி முழுவதும் அதற்கே. எல்லாக் கோரும் ஓடும்போது சிப்பின் கடிகார வேகம் இறங்குவதும் கூடச் சேரும்.

உறுதிசெய்வது எளிது. ஒருவரோடு ஒருவர் பேசாத 32 தனித்தனிப் பிரதிகளை ஒரே நோடில் ஓட்டுங்கள். அதிலும் 25 வினாடி வந்தால் எம்பிஐக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அதனால் நோடுகளுக்கிடையே ஒப்பிடும்போது முழு நோடையே அடிப்படை அலகாக வையுங்கள். மேலே `p` என்பதை நோடு எண்ணிக்கையாக எடுத்ததும் இதற்காகத்தான்.

அறிகுறி 4: ஒரே புரோகிராம், ஒரு விதிப்படி 28 மடங்கு, இன்னொன்றின்படி 63 மடங்கு

திருத்தாத முதல் புரோகிராமுக்கே திரும்புவோம். தொடர் வேலை 20 வினாடி, மொத்தம் 1000. ஆகவே 2 சதவீதம். இதை 64 நோடுக்கு ஆம்டால் சூத்திரத்தில் போட்டால் 28.3 மடங்கு. குஸ்டாஃப்ஸன் சூத்திரத்தில் போட்டால் 62.7. எது உண்மை?

ஆம்டாலின் `s` ஒரே நோடில் ஓடும்போது பார்த்த பங்கு. குஸ்டாஃப்ஸனின் `s'` 64 நோடில் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்கும் பங்கு. நம் புரோகிராம் 64 நோடில் 20 + 980/64, அதாவது 35.3 வினாடி ஓட வேண்டும். அதில் 20 வினாடி தொடர் வேலை. எனவே `s'` 2 சதவீதம் இல்லை, 56.6 சதவீதம். அதைக் குஸ்டாஃப்ஸன் சூத்திரத்தில் போடுங்கள்: 64 − 63 × 0.566 = 28.3. ஆம்டால் சொன்ன அதே எண்.

ஆக ஒரே ஓட்டத்தைப் பற்றி இரண்டு விதியும் ஒரே விடையைத்தான் தருகின்றன. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றும் வழி இது:

```
s = s' / (s' + (1 - s') * p)
```

62.7 என்ற எண் வேறொரு ஓட்டத்துக்கு உரியது: கணக்கை 64 மடங்கு பெரிதாக்கி, 64 நோடில் ஓட்டி, அப்போதும் தொடர் பகுதி 2 சதவீதமே இருந்தால் வருவது. யாராவது "தொடர் பகுதி 2 சதவீதம்" என்று சொன்னால், எத்தனை நோடில் ஓடியபோது அளந்தது என்று கேட்காமல் சூத்திரத்தைத் தொடாதீர்கள்.

அறிகுறி 5: கணக்கை வளர்த்து அளந்தும் நேரம் நிலையாக இல்லை

அப்படியானால் கணக்கை வளர்த்தே பார்த்துவிடுவோம். நோடுக்கு 4096×4096 என்று வைத்து, 64 நோடில் 32768×32768. படிகள் 80,000 என்று நிலையாக வைக்கிறோம். இன்னும் ரேங்க் 0தான் கோப்பு எழுதுகிறது. குஸ்டாஃப்ஸன் நம்பிக்கைப்படி நேரம் 1000 வினாடியிலேயே நிற்க வேண்டும்.

```
p     T(p)
1     1000
4     1050
16    1230
64    1955
```

நேரம் இரட்டிப்பாகிவிட்டது. குஸ்டாஃப்ஸன் சூத்திரத்துக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு அனுமானம் உடைந்ததுதான் காரணம்: கணக்கு வளர்ந்தாலும் தொடர் வேலை வளராது என்பது. அமைப்புகளைப் படிக்கும் 5 வினாடி உண்மையிலேயே வளரவில்லை. ஆனால் கோப்பு 128 எம்பியிலிருந்து 8 ஜிபி ஆகிவிட்டது. ஒருவரே எழுதுவதால் 15 வினாடி 960 ஆகிவிட்டது. ரேங்க் 0க்கு அந்த 8 ஜிபியைத் திரட்டி வைக்க மெமரியும் வேண்டும். பல நேரங்களில் நேரம் கூடுவதற்கு முன்பே புரோகிராம் அங்கே விழுந்துவிடும்.

கண்டுபிடிக்கும் வழி முதல் அறிகுறியின் வழிதான், ஆனால் பார்க்க வேண்டியது தலைகீழ். ஸ்ட்ராங் ஸ்கேலிங்கில் நேரம் மாறாத பகுதியைத் தேடினோம். வீக் ஸ்கேலிங்கில் நேரம் வளரும் பகுதியைத் தேட வேண்டும். எப்படி வளர்கிறது என்பதும் துப்பு கொடுக்கும். நோடு நான்கு மடங்கானால் நேரமும் நான்கு மடங்கு என்றால், யாரோ ஒருவர் எல்லாருடைய வேலையையும் செய்கிறார். ஒவ்வொரு நான்கு மடங்குக்கும் ஒரே அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடினால், அது `MPI_Allreduce` போன்ற ஒன்றுகூடல், பொதுவாக விட்டுவிடலாம்.

அறிகுறி 6: அளவீடு அழகாக இருக்கிறது, ஆனால் விடை நாளைக்குத்தான் வருகிறது

எழுதுவதையும் பிரித்துக் கொடுத்தாயிற்று. 64 நோடில் 80,000 படி 1000 வினாடிக்குப் பக்கத்தில் ஓடுகிறது. வீக் ஸ்கேலிங் கோடு மட்டமாக இருக்கிறது. அறிக்கையில் போட அருமையான படம். ஆனால் உண்மையான வேலைக்குப் போனவர் வந்து, நேற்று போட்டது இன்னும் முடியவில்லை என்கிறார்.

அவர் கட்டத்தை வளர்த்தது அதே அடுப்பை இன்னும் நுணுக்கமாகப் பார்க்க. பக்கத்துக்கு 8 மடங்கு புள்ளி, அதனால் புள்ளிகளுக்கு இடையேயான தூரம் 8இல் ஒரு பங்கு. இந்த எளிய முறையில் வெப்பப் பரவல் கணக்குக்கு நேரப்படி அந்தத் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பச் சுருங்க வேண்டும், இல்லையென்றால் எண்கள் வெடித்துவிடும். ஆகவே அதே அளவு உண்மை நேரத்தைக் கடக்க 64 மடங்கு படிகள். புள்ளி 64 மடங்கு, படியும் 64 மடங்கு. மொத்த வேலை 4096 மடங்கு. நோடு மட்டும் 64 மடங்குதான். எந்தக் குறையும் இல்லாமல் ஓடினாலும் 17 மணி நேரத்துக்கு மேல் ஆகும். படி எண்ணிக்கையை நிலையாக வைத்த அளவீட்டில் இது கண்ணில் படவே படாது.

குஸ்டாஃப்ஸன் கேட்ட கேள்வியையே அப்படியே கேட்போம்: அதே 1000 வினாடிக்குள், 64 நோடு வைத்துக்கொண்டு எவ்வளவு நுணுக்கமான கட்டம் ஓட்டலாம்? வேலை பக்கத்தின் நான்காம் அடுக்காக வளர்வதால், பக்கம் 64இன் நான்காம் மூலம், அதாவது 2.83 மடங்குதான் வளரலாம். 4096இலிருந்து சுமார் 11,600. அப்போது ஒரு நோடுக்கு விழும் புள்ளிகள் முன்பிருந்ததில் எட்டில் ஒரு பங்கு. ரேங்க் ஒன்றுக்கு 256×256 அளவு. கணக்கை வளர்த்தபடியே நோடுக்கு வேலை குறைந்துகொண்டு வருகிறது, அதனால் இரண்டாம் அறிகுறியின் தொல்லைகள் இங்கேயும் வந்து சேரும். முப்பரிமாணத்தில் வேலை ஐந்தாம் அடுக்கு. 64 நோடுக்குப் பக்கம் 2.3 மடங்கு மட்டுமே.

எனவே இப்படிப்பட்ட கணக்குக்கு அளவெடுக்கும்போது இரண்டு நேரங்களைத் தனித்தனியாகக் குறித்து வையுங்கள்: ஒரு படிக்கு எவ்வளவு, ஒரு வினாடி உண்மை நேரத்தைக் கடக்க எவ்வளவு. முதலாவது மட்டமாக இருந்து இரண்டாவது ஏறினால், எம்பிஐயில் தேட ஒன்றும் இல்லை. நேரப்படியைக் கட்டத்தின் நுணுக்கம் கட்டுப்படுத்தாத இம்ப்ளிசிட் முறைக்கு மாறிப் பார்க்கலாம். அதில் ஒரு படிக்கு ஆகும் செலவு கூடும், அதைத் தீர்க்கும் சால்வருக்குள் ஒன்றுகூடல்களும் அதிகம். அதனால் மாறியதும் `e` அட்டவணையை முதலிலிருந்து மறுபடி போட வேண்டியிருக்கும்.